இட்லி வெள்ளையாக, மேசை பழுப்பாக

கோவையில் பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட ஒரு சிறிய கஃபே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் காபி, பொடி இட்லி, நெய் ரோஸ்ட், ரோஸ் மில்க், சாக்லேட் கேக் என்று கையடக்கமான மெனு. பழைய மெனு அட்டை ஓரம் கிழிந்து நைந்துவிட்டது. இந்த முறை படங்களோடு அச்சிடலாம், அதே படங்களை டெலிவரி செயலியிலும் போடலாம் என்று முடிவாகிறது. கடையை நடத்தும் அம்மா டிசைனருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்.

“வணக்கம் தம்பி. மெனு படத்துக்கெல்லாம் பின்னாடி மரமேசை வரணும். நல்லா வார்மா, ஹோம்லியா இருக்கணும். நம்ம கடை ஃபீல் வரணும். பாத்துப் பண்ணிக் குடுங்க.”

இப்படி எழுதாத கடைக்காரரைப் பார்ப்பது அரிது. இதில் தப்பென்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஆனால் இதை வைத்து டிசைனரும் அவரோடு வேலை செய்யும் போட்டோகிராஃபரும் முதல் மாதிரிப் படங்களை அனுப்பும்போது மூன்று வகைக் குறை வரக்கூடும். ஒரு படத்தில் மரம் சாம்பல் பூத்து நிற்கும். இன்னொன்றில் மேசையின் நடுவே வெள்ளையாக ஒரு பளபளப்பு காபியை மறைக்கும். மூன்றாவதில் எல்லாம் பழுப்பாகி, நெய் ரோஸ்ட் எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மூன்றுக்கும் காரணம் தனித்தனி. அந்தக் காரணங்கள் தெரிந்தால் மின்னஞ்சலில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மரம் ஏன் சாம்பலாகிறது?

மஞ்சள் பல்பின் கீழும் வெயிலிலும் ஒரு வெள்ளைத் தட்டு நம் கண்ணுக்கு வெள்ளையாகவேதான் படும். மூளை வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது. கேமராவுக்கு அந்தத் திறமை இயல்பாக இல்லை. கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும். அதற்குப் பெயர் ‘வொயிட் பேலன்ஸ்’.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். கஃபேக்களில் தொங்கும் மஞ்சள் பல்பு 2,700 முதல் 3,000 வரை. நடுப்பகல் வெளிச்சம் 5,500 அளவு. மேகமூட்டமும் நிழலும் 6,500-ஐத் தாண்டும். எண் குறையக் குறைய மஞ்சள் ஏறும், கூடக்கூட நீலம் ஏறும்.

கேமராவைத் தானியங்கியில் விட்டால், படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் பார்த்து வெளிச்சம் எப்படிப்பட்டது என்று அது ஊகிக்கிறது. பல நிறங்கள் கலந்த காட்சி என்றால் ஊகம் சரியாக அமையும். ஆனால் படம் முழுக்கப் பழுப்பு மரம், மேலே பொன்னிற தோசை, பித்தளை டவரா என்று எல்லாமே மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தால், ‘வெளிச்சம்தான் மஞ்சள் போலிருக்கிறது’ என்று கேமரா தப்பாக எடுத்துக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட நீலத்தைக் கூட்டும். மரத்தின் செம்மை வடிந்து சாம்பலாகும். பக்கத்தில் இருக்கும் இட்லியில் ஒரு நீலம் படரும். மரம் எவ்வளவு அதிகமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு இந்தத் தொல்லையும் கூடும்.

இதைப் பார்த்துப் பதறி, படத்தை எடுத்த பிறகு மொத்தமாக மஞ்சளை ஏற்றுவது அடுத்த தவறு. மரம் மீண்டுவிடும். ஆனால் இட்லி முந்தாநாள் இட்லி போலப் பழுத்துப் போகும், தேங்காய்ச் சட்னி மாங்காய்ச் சட்னி ஆகிவிடும். ஆகவே கதகதப்பு மரத்தின் நிறத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் நடுநிலையாக இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே நின்றால்தான் பக்கத்திலிருக்கும் பழுப்பு கண்ணுக்கு இதமாகத் தெரியும்.

செய்முறை எளிது. தட்டு வைக்கும் இடத்தில் முதலில் ‘கிரே கார்டு’ என்கிற சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கணினியில் அந்த அட்டையைத் தொட்டு, ‘இதுதான் நிறமற்ற சாம்பல்’ என்று மென்பொருளுக்குக் காட்டினால் அந்த வரிசையில் எடுத்த எல்லாப் படங்களும் ஒரே அளவில் சரியாகும். வெளிச்சம் மாறினால் அட்டையை மறுபடி வைத்து எடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம்: இரண்டு வெளிச்சம் கலப்பது. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சம், தலைக்கு மேல் மஞ்சள் பல்பு என்றால், தட்டின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். படம் எடுக்கும் நேரத்தில் கடையின் விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் போதும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் இருட்டு சற்று விலகும்.

தோசை மறையாத பலகை

பிரான்சில் செவ்ரல் என்ற வேதியியலாளர் இருந்தார். பாரிஸில் திரைச்சீலைச் சித்திரங்கள் நெய்யும் கோபெலின் ஆலையில் சாயப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே கறுப்பு நூலின் சாயம் வலுவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தால் அதில் குறையில்லை. கறுப்பின் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாகக் காட்டின என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு நிறம் கண்ணுக்கு எப்படிப் படும் என்பதைப் பக்கத்து நிறமும் சேர்ந்து முடிவு செய்கிறது என்பதை 1839-இல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார்.

மெனு படத்தில் நடப்பதும் இதுதான். பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு. நெய் ரோஸ்ட் வெளிறிய ஆரஞ்சு. நடுத்தரப் பழுப்பில் உள்ள தேக்குப் பலகையில் நன்றாக முறுகிய ரோஸ்ட்டை வைத்தால் நிறமும் ஒன்று, வெளிச்ச அளவும் கிட்டத்தட்ட ஒன்று. விளிம்பு காணாமல் போகிறது. அதே பலகையில் பச்சைக் கொத்தமல்லிச் சட்னியும் வெள்ளை இட்லியும் பளிச்சென்று நிற்கும்.

எனவே ‘என்ன மரம்’ என்ற கேள்விக்கு முன்னால் ‘மேலே வருவது என்ன’ என்று கேட்க வேண்டும். இந்தக் கடையின் மெனுவைப் பிரித்துப் பார்ப்போம். இட்லி, ரோஸ்ட், பித்தளை டவராவில் காபி ஆகியவை வெளிறியவை அல்லது பளபளப்பவை. இவற்றுக்கு அடர்ந்த பழுப்பு வேண்டும். பழைய ஈட்டி மரமோ, வயதேறிய பலாவோ, வேம்போ தரும் ஆழம் பொருந்தும். சாக்லேட் கேக் கறுப்புக்கு நெருக்கம். அதற்கு வெளிறிய மரம் வேண்டும், ரப்பர் மரத்தின் வெண்மஞ்சள் போல. ஆக, இந்த மெனுவுக்கு இரண்டு பலகை போதும்: ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிறல். பத்து உணவுக்குப் பத்துப் பின்னணி போட்டால் மெனு அட்டை மரக்கடைபோல ஆகிவிடும்.

மரத்தின் பெயரை மட்டும் எழுதினால் ஏன் போதாது? ஒரே மரம் வயதுக்கு ஏற்ப நிறம் மாறும். புதிதாக அறுத்த பலா நல்ல மஞ்சள். ஆண்டுகள் ஏற ஏறச் சிவந்த பழுப்பாகும். தேக்கும் வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறும். அதன் மேல் அடிக்கும் ஸ்டெய்னும் பாலிஷும் இன்னொரு நிறத்தைத் தரும். ‘தேக்கு’ என்று எழுதினால் டிசைனர் மனதில் ஒன்று, கடைக்காரர் மனதில் ஒன்று வரும். கடையில் இருக்கும் ஒரு பலகையை, ஒரு வெள்ளைத் தாளோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இணைத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். தாள் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதை வைத்து மரத்தின் உண்மை நிறத்தை எதிர்முனையில் இருப்பவர் கண்டுகொள்வார்.

பொருத்தத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மாதிரிப் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் உணவின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் பலகை சரி. கரைந்துபோனால் பலகையை மாற்ற வேண்டும், அல்லது இடையில் ஒரு வெள்ளைத் தட்டோ வாழையிலையோ வர வேண்டும்.

பாலிஷும் பார்வைக் கோணமும்

‘நம்ம கடை ஃபீல் வரணும்’ என்றால் கடை மேசையிலேயே வைத்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். கடை மேசைகள் துடைப்பதற்கு வசதியாகப் பளபளவென்று மெலமைன் பாலிஷ் போட்டவையாக இருக்கும். அந்தப் பளபளப்பு கண்ணாடி மாதிரி வேலை செய்யும். ஜன்னல் எதிரே இருக்க, கேமரா இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தால், ஜன்னலின் பிம்பம் அப்படியே மேசை மேல் விழுந்து வெள்ளைத் திட்டாகிவிடும். அந்த இடத்தில் மரமே இருக்காது.

காபிக்கு இது பெரிய சிக்கல். ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருண்டிருக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் பாலிஷையும் மின்னவைக்கிறது. போலரைசர் என்ற வடிகட்டியை லென்ஸில் மாட்டிச் சுழற்றினால் சாய்வான கோணத்தில் இந்த மினுமினுப்பு பெருமளவு குறையும். நேர் மேலிருந்து எடுக்கும்போது அதனால் பெரிய பலன் இல்லை. அதைவிட நல்லது, பளபளப்பே இல்லாத ‘மேட்’ பூச்சு கொண்ட பலகை.

அப்படிப்பட்ட பலகையைச் செய்துகொள்ளப் பெரிய செலவில்லை. இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட்டின் மேல், பழைய மரக்கடையிலோ பேக்கிங் பெட்டியிலோ கிடைக்கும் பலகைகளை நான்கு அங்குல அகலத்தில் வரிசையாக அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்டெய்ன் கொடுத்து, மேலே மேட் பூச்சு பூசினால் முடிந்தது. பின்பக்கத்தில் வேறு நிறப் பலகைகளை அடித்தால் ஒரே அட்டையில் இரண்டு மேசை கிடைக்கும்.

நான்கு அங்குலம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சாதாரணச் சாப்பாட்டுத் தட்டின் குறுக்களவு பத்து அங்குலம். நான்கு அங்குலப் பலகை என்றால் தட்டு இரண்டரைப் பலகையை மூடும். கண் அதை இயல்பான மேசை என்று ஏற்கும். ஓர் அங்குலக் கீற்றுகளாக இருந்தால் தட்டு பிரம்மாண்டமாகத் தெரியும். ஓரடி அகலப் பலகையும் பெரிய கணுக்களும் இருந்தால் அதே தட்டு சாஸர் ஆகிவிடும். வாடிக்கையாளர் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘அளவு கம்மி போல’ என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்தது கோணம். தோசைபோல் தட்டையானதை நேர் மேலிருந்து எடுப்பார்கள். அப்போது படம் முழுக்க மரம்தான். இட்லியையும் கிண்ணத்தில் உள்ளதையும் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் எடுப்பார்கள். மரம் முன்னே அகன்று பின்னே குறுகும். உயரமான ரோஸ் மில்க் கிளாஸைக் கண் மட்டத்தில் எடுப்பார்கள். அங்கே மேசை ஒரு கோடுதான், பின்னணி சுவர். ஆகவே ரோஸ் மில்க்குக்கு மரம் வேண்டுமென்றால் இன்னொரு பலகையைப் பின்னால் நிமிர்த்தி வைக்க வேண்டும், சற்றுத் தள்ளி, ஃபோகஸுக்கு வெளியே.

கணினியில் ஒட்டும் படங்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. இணையத்தில் வாங்கும் மரப் படங்கள் பலவும் நேர் மேலிருந்து எடுத்தவை. அதன் மேல் சாய்வாக எடுத்த இட்லித் தட்டை வெட்டி வைத்தால், இட்லி சுவரில் ஒட்டியதுபோல் தொங்கும். நிழலும் காட்டிக்கொடுக்கும்: பலகை இடுக்குகளின் நிழல் இடப்பக்கம், தட்டின் நிழல் வலப்பக்கம் என்றால் ஏதோ சரியில்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். வினைலில் அச்சடித்த மர விரிப்பும் நேர் மேலிருந்து எடுக்கத் தேறும்; சாய்த்தால் இடுக்குகளுக்கு ஆழம் இல்லாதது வெளிப்பட்டுவிடும்.

அந்த மின்னஞ்சலைத் திரும்ப எழுதினால்

இவ்வளவையும் டிசைனருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும். கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் சில உண்டு. அவற்றை எழுதினால் போதும். நம் கடைக்கார அம்மா மறுபடி எழுதினால் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் தம்பி,

மெனுவுக்கு மொத்தம் பன்னிரண்டு படம் வேண்டும். பட்டியலை இணைத்திருக்கிறேன். எல்லாப் படத்திலும் மரமேசைதான் பின்னணி.

எங்கள் கடை மேசையின் படம் ஒன்றை, பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்துக் காலை வெளிச்சத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்தச் சிவந்த பழுப்பு நிறம் பிடிக்கும். ஆனால் எங்கள் மேசை பளபளப்பானது. படத்துக்கு மினுமினுப்பு இல்லாத பலகை வேண்டும். இட்லி, ரோஸ்ட், காபி இவற்றுக்கு அடர்ந்த பலகை. கேக்குக்கு வெளிறிய பலகை. இந்த இரண்டு போதும்.

மரம் கதகதப்பாக இருக்கட்டும், ஆனால் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். மொத்தப் படத்துக்கும் மஞ்சள் ஏற்ற வேண்டாம்.

ரோஸ்ட் மட்டும் மேலிருந்து. இட்லியும் காபியும் சாய்வாக, காபியில் ஆவி தெரிய வேண்டும். ரோஸ் மில்க் நேராக. பின்னால் மரம் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

மெனு அட்டை ஏ4 அளவு, மேட் லேமினேஷன். ரோஸ்ட் படம் அட்டையில் முழுப் பக்கம் வரும். மேல் மூன்றில் ஒரு பங்கில் பெயரும் விலையும் எழுத வேண்டியிருப்பதால் அந்த இடத்தில் கணுவோ திருகலான ரேகையோ வேண்டாம். மற்ற படங்கள் செயலிக்கும் போகும். சதுரமாக வெட்டினாலும் தட்டு வெட்டுப்படாத அளவுக்குச் சுற்றிலும் இடம் விடுங்கள்.

கடையில் காலை எட்டரை முதல் பத்தரை வரை கிழக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும். அந்த நேரம் விளக்குகளை அணைத்துத் தருகிறேன். முதலில் இட்லி, ரோஸ்ட், கேக் மூன்றும் மட்டும் மாதிரி எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு மற்றதைத் தொடரலாம்.”

இரண்டாவது மின்னஞ்சலில் மரத்தின் பெயர் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்கலாம். அது பெரும்பாலும் மரத்தின் மேல் என்ன வரும், எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள், கடைசியில் எங்கே அச்சாகும் என்பதைப் பற்றியே பேசுகிறது. படத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன் மூன்று மாதிரி கேட்டது முக்கியமான வரி. இந்த மூன்றும் மெனுவின் மூன்று எல்லைகள்: மிக வெள்ளை, மரத்துக்கு மிக நெருங்கிய நிறம், மிகக் கறுப்பு. இவை தேறினால் இடையில் உள்ளவை பெரும்பாலும் தேறிவிடும்.

வந்த படத்தைப் பார்ப்பது

மாதிரிகள் வந்ததும் இரவு கடையடைத்துவிட்டுக் கைபேசியில் பார்த்து, ‘ரொம்ப மஞ்சளா இருக்கு தம்பி’ என்று பதில் போடுவது வழக்கம். பல கைபேசிகள் மாலைக்குப் பிறகு கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையைத் தாமாகவே மஞ்சளாக்கிக்கொள்ளும். அந்த வசதியை அணைத்துவிட்டு, பகலில், இன்னொரு திரையிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஏ4 தாள் முழுக்க அச்சாகும் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2,480-க்கு 3,508 பிக்சல் இருக்க வேண்டும். அதைவிட மிகக் குறைந்தால் மரத்தின் ரேகைகள் முதலில் குழம்பும்.

திரையில் சரியாக இருப்பது தாளில் அப்படியே வராது. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. தாள் நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் ஒளிரும் ஆரஞ்சுப் பழுப்பு தாளில் ஒரு படி மங்கும், நிழல் பகுதிகள் இன்னும் இருளும். அடர்ந்த பலகையின் இடுக்குகள் முழுக் கறுப்பாகிவிடும் இடம் இதுதான். ஆகவே மொத்தமாக அடிப்பதற்கு முன் அதே தாளில், அதே லேமினேஷனோடு ஒரே ஒரு பிரதி போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பிரதியை அச்சகத்தின் ட்யூப்லைட்டில் மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வரக்கூடாது. வாடிக்கையாளர் இந்த அட்டையை மாலையில் கடையின் 2,700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ்தான் புரட்டப் போகிறார். அந்த வெளிச்சம் அட்டை மேல் இன்னொரு அடுக்கு மஞ்சளைப் பூசும். படத்திலேயே மஞ்சளை அள்ளி ஊற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து இட்லியின் நிறத்தைக் கெடுத்துவிடும். படம் நடுநிலையாக இருந்தால், முதல் மின்னஞ்சலில் அந்த அம்மா கேட்ட ‘வார்ம்’ கடை விளக்கிலிருந்தே வந்து சேரும். அதனால் பிரதியைக் கடைக்குக் கொண்டுவந்து, மாலை விளக்குகளைப் போட்டு, மேசை மேல் வைத்துப் பார்த்த பிறகே அச்சகத்துக்குச் சரி சொல்ல வேண்டும்.